குளிர்த்திக்கு மாம்பழம்: மஞ்சளாக வாங்குவதா, காயாக வாங்கிப் பழுக்க வைப்பதா?

வைகாசி பிறந்துவிட்டால் மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கிவிடும். சடங்கின் நிறைவாக அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி அன்று மடைப்பெட்டியில் வைக்க மாம்பழம் வேண்டும். அதுவும் அந்த ஒரு நாளில் சரியாகப் பழுத்திருக்க வேண்டும். கடந்த சடங்குக்கு ஒன்பது நாள் இருக்கையில் மச்சாள் என் வீட்டுக்கு ஒரு பையோடு வந்தாள். உள்ளே ஆறு மாம்பழம், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாத எலுமிச்சை மஞ்சள் நிறம்.

"மச்சாள், இவை காபைட் போட்டவையா, இல்லையா? நீங்கள் பார்த்தால் தெரியுமே. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள்.

நான் பல வருடம் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்தவள். ஆனாலும் பார்த்தவுடன் ஆம், இல்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அவளுக்குச் சொன்ன பதிலையும், பிறகு இருவரும் சேர்ந்து செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். சந்தையில் நிற்கும்போது நம் முன்னால் உள்ள தெரிவுகள் மூன்று: கடையில் மஞ்சளாகக் கிடப்பதை வாங்குவது, எதிலீன் வாயுவில் முறைப்படி பழுக்க வைத்ததை வாங்குவது, முற்றிய காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைப்பது. மரத்திலேயே பழுத்த பழத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அணிலும் வௌவாலும் பழ ஈயும் விட்டுவைத்தால்தான் அது கிடைக்கும். கிடைத்தாலும் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது.

முதலில் காபைட் என்ன செய்கிறது என்பதைப் பார்க்கலாம். கல்சியம் காபைட் என்பது வெல்டிங் கடைகளில் வாயு உண்டாக்கப் பயன்படுத்தும் சாம்பல் நிறக் கல். சுண்ணாம்பையும் கற்கரியையும் மின் உலையில் மிக உயர்ந்த வெப்பத்தில் உருக்கி இதைச் செய்கிறார்கள். ஈரம் பட்டால் அது அசற்றிலீன் வாயுவை வெளிவிட்டு, வெள்ளைச் சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்துவிடும். வியாபாரி இந்தக் கல்லில் கொஞ்சத்தைச் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி, மாங்காய்ப் பெட்டியின் நடுவில் வைத்து, சாக்கால் மூடிவிடுவார். காயிலிருந்து வரும் ஈரமே போதும். வாயு பரவும், பெட்டிக்குள் சூடும் ஏறும், இரண்டு மூன்று நாளில் காய்கள் மஞ்சளாகிவிடும்.

இது எப்படி நடக்கிறது? மாங்காய் தானாகப் பழுக்கும்போதும் ஒரு வாயுவால்தான் பழுக்கிறது. அது எதிலீன். முற்றிய காய் தன் உள்ளே இதை மிகச் சிறிய அளவில் உண்டாக்கத் தொடங்கும். அந்தச் சிறிய அளவு மேலும் எதிலீனைத் தூண்டும். காய் வேகமாக மூச்சுவிடத் தொடங்கும். அப்போது சதையில் இருக்கும் மாச்சத்து சர்க்கரையாகிறது, புளிப்பு குறைகிறது, சதை இளகுகிறது, தோலின் பச்சையம் சிதைந்து உள்ளிருந்த மஞ்சள் தெரிகிறது, கடைசியில் வாசனை எழுகிறது. அசற்றிலீன் எதிலீனுக்கு ஒன்றுவிட்ட உறவு போன்றது. காய் அதைப் பார்த்து எதிலீன் என்று ஏமாந்துபோகிறது. ஆனால் அது எதிலீனைவிட மிகப் பலவீனமானது; அதே வேலையைச் செய்ய எத்தனையோ மடங்கு செறிவாக வேண்டும். அதனால் தோலில் நிறம் முதலில் ஓடிவிடுகிறது, உள்ளே நடக்க வேண்டியவை பின்தங்கிவிடுகின்றன.

அப்படியானால் நஞ்சு எங்கே இருக்கிறது? பலரும் நினைப்பதுபோல் அசற்றிலீன் பழத்துக்குள் தங்கி நம்மை நஞ்சூட்டுவதில்லை. தொல்லை அந்தக் கல்லின் அழுக்கில் இருக்கிறது. வெல்டிங்குக்காகச் செய்த கல்லைச் சாப்பாட்டுக்கு உரிய தூய்மையோடு யாரும் செய்வதில்லை. அது வந்த சுண்ணாம்பிலும் கரியிலும் இருந்த ஆசனிக், பொஸ்பரஸ் சேர்மங்கள் கல்லோடு வந்துவிடுகின்றன. ஈரம் படும்போது அவை ஆசீன், பொஸ்பீன் என்ற வாயுக்களாக அசற்றிலீனோடு சேர்ந்து வெளிவருகின்றன. இரண்டுமே கொடிய நஞ்சு. காபைட் கல் நனைந்தால் வெள்ளைப்பூண்டு போல ஒரு நாற்றம் வருமே, அது அசற்றிலீனின் மணமல்ல. இந்த அழுக்குகளின் மணம்.

ஒரு கல்லில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்பது மூட்டைக்கு மூட்டை மாறும். எந்தப் பொட்டலம் எந்தக் காயின் மேல் கிழிந்து தூள் பட்டது என்பதும் பெட்டிக்குப் பெட்டி மாறும். "இவ்வளவு காபைட் போடலாம், இதற்கு மேல் கூடாது" என்று ஒரு பாதுகாப்பான அளவை யாராலும் வகுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். இந்தியாவில் பழம் பழுக்க வைக்கக் காபைட்டைப் பயன்படுத்துவதை முற்றாகத் தடை செய்திருக்கிறார்கள். எதிலீன் வாயுவை மட்டும் அளவோடு அனுமதிக்கிறார்கள். நம் நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், உடலுக்குத் தீங்கான பொருள் கலந்த உணவை விற்பது குற்றம். பொது சுகாதாரப் பரிசோதகர் கடைக்குள் வந்து பார்க்கவும் மாதிரி எடுக்கவும் அதிகாரம் உள்ளவர்.

மச்சாளின் பயம் இதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு பழம் சாப்பிட்டாலே புற்றுநோய் வந்துவிடும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையல்ல. வருடக்கணக்கில் ஆசனிக் கலந்த தண்ணீரைக் குடிப்பவர்களுக்குப் புற்றுநோய் வரலாம் என்பது உறுதியான விடயம்; ஒரு மாம்பழத்தால் அப்படி வராது. தூள் படிந்த பழத்தைத் தோலோடு கடித்தால் வாயும் தொண்டையும் எரியலாம், வயிறு புரட்டலாம், வாந்தி வரலாம். உண்மையில் மிக அதிகமாக அடிபடுபவர் அந்தப் பெட்டிகளைக் கட்டி அவிழ்க்கும் தொழிலாளி. வியர்த்த கையில் தூள் பட்டால் சுண்ணாம்பு போல் சுடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, மூடிய அறையில் அந்த வாயுவை மூச்சோடு இழுப்பவரும் அவரே. அசற்றிலீன் எளிதில் தீப்பிடிக்கும் வாயு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்குப் பழம் மலிவாகக் கிடைக்க இன்னொருவர் இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு மனதை உறுத்துகிறது.

கழுவினால் போகாதா என்று கேட்பார்கள். தோலில் ஒட்டிய தூள் பெரும்பாலும் போகும். ஓடுகிற தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, காம்புப் பக்கத்தைக் கொஞ்சம் தடிப்பாக வெட்டி, தோலைச் சீவிவிட்டுச் சாப்பிட்டால் ஆபத்து குறையும். ஆனால் வாயுவாகித் தோல் வழியாகப் புகுந்ததைக் கழுவி எடுக்க முடியாது. நம் பிள்ளைகள் மாம்பழம் சாப்பிடும் விதத்தையும் நினைத்துப் பாருங்கள். நுனியைக் கடித்துத் துளையிட்டு, தோலோடு பிசைந்து சூப்புவார்கள். தூள் நேரே வாய்க்குள் போகும் வழி அதுதான். கடைப்பழம் என்றால் சூப்பக் கொடுக்காதீர்கள், வெட்டித் தோல் நீக்கிக் கொடுங்கள் என்று மச்சாளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

இனி அவள் கேட்ட முதல் கேள்வி: பார்த்தால் தெரியுமா? ஊரில் சொல்லும் சோதனைகளில் மிகப் பிரபலமானது தண்ணீர்ச் சோதனை. வாளித் தண்ணீரில் போட்டால் தாழ்வது நல்ல பழம், மிதப்பது காபைட் பழம் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரிந்தால் இந்தச் சோதனை மிகவும் பயன்படும். மாங்காய் முற்ற முற்ற உள்ளே மாச்சத்து சேர்ந்து கனமாகிறது. நன்றாக முற்றிய காய் தண்ணீரைவிடச் சற்றுக் கனமாக இருப்பதால் தாழும், முற்றாதது மிதக்கும். ஆகவே மிதப்பது காபைட் போட்டதைக் காட்டவில்லை, பிஞ்சிலேயே பறித்ததைக் காட்டுகிறது. விலை உயர்ந்திருக்கும் பருவத் தொடக்கத்தில் சந்தைக்கு முந்திக்கொள்ள முற்றாத காயைப் பறிப்பவர்தான் காபைட்டைத் தேடிப் போவார் என்பதால் இரண்டும் அடிக்கடி சேர்ந்து வருகின்றன. முற்றிய காய்க்குக் காபைட் போட்டிருந்தால் அது அழகாகத் தாழும், நீங்கள் நம்பிச் சாப்பிடுவீர்கள்.

நிறமும் ஏமாற்றும். ஒரே சீரான மஞ்சள் என்றால் காபைட் என்பார்கள். எதிலீன் அறையில் முறைப்படி பழுத்ததும் ஒரே சீராகத்தான் இருக்கும். மறுபுறம், நமது வெயிலில் வீட்டில் பழுத்த மாம்பழம் திட்டுத்திட்டாக இருப்பது இயல்பு. மாம்பழத்துக்கு அழகான நிறம் வருவது ஏறக்குறைய 20 முதல் 22 பாகை செல்சியஸில். நம் வீடுகளில் வைகாசியில் 30 பாகைக்கும் மேலே போகிறது. இனத்தையும் பார்க்க வேண்டும். கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோலில் பச்சை முழுவதும் விட்டுப்போகாது. அதைப் பளிச்சென்ற மஞ்சளில் கண்டால் நான் ஒரு தடவை யோசிப்பேன்.

நான் நம்பும் அடையாளங்கள் சிலதான். பெட்டியின் அடியிலோ பழங்களின் இடுக்கிலோ சாம்பல் கலந்த வெள்ளைத் தூளும் செய்தித்தாள் பொட்டலமும் கிடப்பது. மூடியைத் திறக்கும்போது மாம்பழ வாசனைக்குப் பதிலாகப் பூண்டு நாற்றம் வருவது. தோல் முழு மஞ்சளாக இருந்தும் அழுத்தினால் கல்லாக இருப்பது. காம்படியில் மூக்கை வைத்தால் ஒன்றும் மணக்காதது. முதல் இரண்டும் இருந்தால் ஏறக்குறைய உறுதி. மற்ற இரண்டும் சந்தேகத்துக்கு மட்டும் போதும். உறுதியாகச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும். பெட்டியில் பொட்டலத்தைக் கண்ணால் கண்டால் கடைக்காரரோடு சண்டை பிடிப்பதைவிட உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

மச்சாளின் ஆறு பழத்தில் தூள் இல்லை, பூண்டு நாற்றமும் இல்லை. ஆனால் காம்படி மணக்கவில்லை, அழுத்தினால் இறுக்கமாக இருந்தது. வாளியில் போட்டோம். நான்கு மிதந்தன. ஒன்றை வெட்டினோம். தோலுக்குக் கீழே மெல்லிய மஞ்சள், கொட்டையைச் சுற்றி வெள்ளைச் சதை, நாக்கில் புளிப்பு. காபைட் என்று நான் சொல்லவில்லை. அம்மனுக்கு வைக்க இது பழமே இல்லை என்றுதான் சொன்னேன்.

இரண்டாவது தெரிவான எதிலீன் பழத்தைப் பற்றி நம்மிடையே தேவையற்ற பயம் இருக்கிறது. "அதுவும் வாயுதானே" என்பார்கள். அது காயே உண்டாக்கும் வாயு. மூடிய அறையில் காற்றின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எதிலீன் இருந்தாலே போதும். ஏறக்குறைய ஒரு நாள் அப்படி வைத்துவிட்டு வெளியே எடுத்தால் மீதி வேலையைக் காயே செய்துகொள்ளும். அறையின் சூட்டையும் ஈரத்தையும் கட்டுப்படுத்த வேண்டும், காய்கள் விடும் கரியமில வாயுவை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். அதற்குச் செலவு உண்டு. அப்படிச் செய்கிறோம் என்று சொல்லும் கடையில் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எத்திபோன் என்ற திரவத்தைக் கலந்து காய்களை நேரடியாக முக்கி எடுப்பது வேறு விடயம். எத்திபோனும் எதிலீனைத்தான் வெளிவிடும்; என்றாலும் அது விவசாய இரசாயனம், பழத்தின் மேல் நேரே படக் கூடாதது. கடைக்காரரிடம் "வாயுவா, மருந்தில் முக்கியதா?" என்று கேளுங்கள். எதிலீன் அறையும் முற்றாத காயை இனிக்க வைக்காது என்பதை மறக்க வேண்டாம். சர்க்கரையாக மாற உள்ளே மாச்சத்து இருந்தால்தானே மாறும்?

அதனால் நாங்கள் மூன்றாவது வழியில் போனோம். செங்கலடிப் பக்கம் தெரிந்தவர் வளவில் ஒரு மரம் உண்டு. சனிக்கிழமை காலையில் போய் முப்பது காய் பறித்தோம். குளிர்த்தி அடுத்த வாரத்துத் திங்கட்கிழமை இரவு. முற்றிய காயை மரத்தில் அடையாளம் காண்பது கடினமில்லை. காம்புக்கு இரு பக்கமும் தோள் பருத்து, காம்பு ஒரு குழியில் இருப்பதுபோல் தெரியும்; தோலின் கரும்பச்சை சற்று வெளிறி, மேலே மெல்லிய மாப்படிந்தது போலிருக்கும். ஐயம் தீர ஒரு காயை வெட்டிப் பார்க்கலாம். கொட்டை கத்திக்கு இடம் கொடாமல் இறுகியும், அதைச் சுற்றிய சதை வெண்மை மாறி மஞ்சள் படரத் தொடங்கியும் இருந்தால் அந்த மரம் பறிக்கத் தயார்.

காம்பை விரலளவு விட்டுப் பறித்தோம். ஒட்டப் பறித்தால் பால் வழிந்து தோலைச் சுடும்; அந்தக் கறுப்புத் தழும்பிலிருந்துதான் அழுகல் தொடங்கும். வீட்டுக்கு வந்து காம்பை நறுக்கி, பால் வடியும்படி காய்களைச் சில மணி நேரம் தலைகீழாக வைத்து, கழுவித் துடைத்தோம். பிறகு வாளிச் சோதனை. முப்பதில் இருபத்துநான்கு தாழ்ந்தன, ஆறு மிதந்தன. மிதந்த ஆறையும் தனியே வைத்தோம்.

அவசரப்பட்டு உடனே வைக்கோலில் புதைக்கவில்லை. அன்றே புதைத்திருந்தால் வெள்ளிக்கிழமையே பழுத்து, திங்கட்கிழமைக்குக் கனிந்து குழைந்திருக்கும். மூன்று நாள் சீமெந்துத் தரையில், காற்றோட்டமாக, ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி வைத்தோம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தாமதமாகுமே என்றாள் மச்சாள். பழுக்காத மாங்காய்க்கு 12, 13 பாகைக்குக் கீழான குளிர் ஆகாது. உள்ளே காயம்பட்டு, பிறகு எவ்வளவு காலம் வைத்தாலும் சரியாகப் பழுக்காது. பழுத்த பின்பு வைக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய கடகத்தில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி, காய்களை ஒரு அடுக்கு, வைக்கோல் ஒரு அடுக்கு என்று வைத்து, நடுவில் நன்கு பழுத்த வாழைப்பழம் நான்கு வைத்தோம். வாழைப்பழம் எதிலீனைத் தாராளமாக விடும். அது காய்களைத் தூண்டிவிடும். மேலே பருத்திச் சேலைத் துணியால் மூடினோம். காற்றுப் புகாத பொலித்தீன் பையில் கட்டினால் காய்கள் மூச்சுத் திணறி, சாராய வாடை வந்துவிடும். ஈரமான வைக்கோலும் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். வைக்கோல் செய்வது பெரிய மாயமில்லை. காய் தானே விடும் எதிலீன் பறந்துவிடாமல் கொஞ்சம் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். வாழைக்குலைக்குக் குழி தோண்டிப் புகை போடுகிறோமே, அந்தப் புகையிலும் எதிலீன் உண்டு. நம் முன்னோர் பெயர் தெரியாமலே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு நாளும் காலையில் கடகத்தைத் திறந்து காம்படியை மணந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை மூன்று காய் மணக்கத் தொடங்கின. சனிக்கிழமை எட்டு ஆயிற்று. பழுத்தவற்றை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை மற்றவற்றையும் ஒரே நாளில் இழுத்துக்கொண்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து, திங்கட்கிழமை காலையில் பதினெட்டு. ஒன்றில் காம்படி கறுத்து அழுகியது, அதை எறிந்தோம். மீதி ஐந்து இன்னும் இறுக்கமாக இருந்தன. அவற்றை வாரக் கடைசிக்கு விட்டுவைத்தோம். நிறத்தைச் சொன்னால் கடைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. பச்சைத் திட்டு, மஞ்சள் திட்டு, இடையில் கறுப்புப் புள்ளிகள். ஆனால் அறைக்குள் நுழையும்போதே வாசனை முகத்தில் அடித்தது.

இனி மிதந்த ஆறு காயின் கதை. அவற்றில் மூன்றை வேண்டுமென்றே வேறொரு பெட்டியில் அதே வைக்கோல், அதே வாழைப்பழத்தோடு வைத்திருந்தேன். ஆறாம் நாள் தோல் மஞ்சளாகிச் சுருங்கியிருந்தது. வெட்டினால் கொட்டையைச் சுற்றி வெள்ளை, நாக்கில் புளிப்பு. எந்த இரசாயனமும் படாத அவை, மச்சாள் முதல் நாள் கொண்டுவந்த பழத்தைப் போலவே இருந்தன. மச்சாள் அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை.

"அப்படியென்றால் ருசி கெட்டது காபைட்டால் இல்லையா?" என்று கேட்டாள்.

ருசியைக் கெடுப்பது முற்றாமல் பறித்த கை. உடம்பைக் கெடுப்பது அந்தக் கல்லின் அழுக்கு. இரண்டும் வேறு வேறு கேடுகள். இயற்கையாகப் பழுத்தது என்று எழுதி ஒட்டிய பழமும் பிஞ்சில் பறித்ததாக இருந்தால் புளிக்கும். மணக்க மணக்க இனிக்கும் முற்றிய பழத்துக்கும் யாரோ காபைட் போட்டிருக்கலாம். காயாக வாங்கி வாளியில் போட்டுப் பார்த்து வீட்டில் பழுக்க வைப்பவருக்கு மட்டும்தான் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பதில் கிடைக்கிறது. அதற்கு விலை ஒரு வாரப் பொறுமையும், கொஞ்சம் சேதமும். எங்கள் கணக்கில் முப்பதுக்குப் பதினெட்டு நாளுக்குச் சரியாக வந்தது. அதனால் மடைக்குப் பத்துப் பழம் வேண்டும் என்றால் பதினாறு, பதினேழு காயாவது வாங்குங்கள். மரம் எது என்று தெரியாத சந்தைக் காய் என்றால் இருபது.

ஒரு வாரம் இல்லை, நாளைக்கே பழம் வேண்டும் என்றால் எதிலீன் பழம் விற்கும் கடைக்குப் போங்கள், அல்லது திட்டுத்திட்டாக, காம்படி மணக்கிற, விரலுக்குச் சற்றே இடம் கொடுக்கிற பழத்தைத் தனித்தனியாகப் பொறுக்கி வாங்குங்கள். கழுவி, தோல் நீக்கி, வெட்டிக் கொடுங்கள். ஒரே மஞ்சளில் கல்லாகக் கிடப்பதை விலை பாதி என்றாலும் விட்டுவிடுங்கள்.

குளிர்த்தி அன்று மாலை மச்சாள் பதினெட்டில் நல்லவையாகப் பத்தைத் துடைத்து, பலாச்சுளைக்கும் வாழைச் சீப்புக்கும் நடுவில் மடைப்பெட்டியில் அடுக்கினாள். மிதந்தவற்றில் மிஞ்சிய மூன்று காயை நான் சனிக்கிழமையே சீவி, பாரை மீன் கறியில் புளிக்குப் பதிலாகப் போட்டுவிட்டேன்.